‘சூப்பர்ர்ர்ர் பெரியப்பா!’ - ஒரு எழுத்து நீண்டதால் குடும்ப குரூப்பில் வந்த வினை

சிங்கப்பெருமாள் கோவிலில் கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர், புது வீட்டின் மாடியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பின்னால் பச்சைப் பசேலென்று வெட்டவெளி. தூரத்தில் ஒரு பனைமரம், இரண்டு மாடு. முப்பது வருடத்துக்கு முன்னால் கடன் வாங்கிப் போட்ட மனை அது.

தாம்பரத்தில் அபார்ட்மென்ட்டில் இருக்கும் தம்பி மகன் ஐந்தாவது நிமிடத்தில் பதில் போட்டான்.

“சூப்பர்ர்ர்ர் பெரியப்பா... சென்னைக்கு மிகககக அருகில்”

அன்று ராத்திரி பெரியவர் குரூப்பை விட்டு வெளியேறினார். ‘லெஃப்ட்’ என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. “நான் என்ன தப்பா சொன்னேன்? சூப்பர்னுதானே போட்டேன்!” என்று பையன் அம்மாவிடம் புலம்ப, “சூப்பர்னா போட்டே? ராகம் போட்டு இல்ல இழுத்திருக்கே!” என்றார் அம்மா.

அம்மா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. வாயால் பேசும்போது ‘ராகம் போடுறான்’, ‘இழுக்குறா’, ‘நீட்டி முழக்குறான்’ என்று நாம் சொல்வது எல்லாம் நக்கலுக்கான அடையாளங்கள். போனில் அந்த ராகத்தைப் போட ஒரே வழி, எழுத்தை இழுப்பது. ஆனால், அன்புக்கும் அதே இழுவைதான். குழந்தையைக் கொஞ்சும் “செல்லம்ம்ம்”மும், மேனேஜரைக் கலாய்க்கும் “சாஆஆர்”ரும் பார்வைக்கு ஒரே ஜாதி. எது கொஞ்சல், எது கிண்டல் என்று எப்படித் தெரிகிறது?

பையன் போட்ட அந்த ஒற்றை வரியையே பிரித்துப் பார்க்கலாம்.

முதல் பாதி, ‘சூப்பர்ர்ர்ர் பெரியப்பா’. இதில் விஷம் எதுவும் இல்லை. பாராட்டுச் சொல் நீண்டிருக்கிறது. படத்தில் பாராட்டும்படி ஒரு புது வீடும் இருக்கிறது. சொல்லும் படமும் ஒரே திசையில் போகின்றன. இதுவே பஸ்ஸைத் தவறவிட்டவன் போட்டோவுக்குக் கீழே இருந்தால் கதை வேறு.

இரண்டாம் பாதியில்தான் ஊசி. ‘சென்னைக்கு மிக அருகில்’ என்பது அந்தப் பையனின் சொந்தச் சொல் அல்ல. ஜி.எஸ்.டி. ரோடு ஏரியாவில் வளர்ந்த எவருக்கும் அது மனப்பாடம். ரியல் எஸ்டேட் விளம்பரங்கள் வருடக்கணக்கில் ஓதிய வாசகம். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு என்று அந்த ‘அருகில்’ தெற்கே நகர்ந்துகொண்டே போய், சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனம்கூட சென்னைக்கு அருகில்தான் என்று ஜனங்களே ஜோக் அடிக்கும் நிலைக்கு வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறக்கப்பட்டபோது அந்தப் பழைய வாசகத்துக்கு மறுபடி உயிர் வந்தது. ஊரிலிருந்து கிளாம்பாக்கம் வந்த நேரத்தைவிட, கிளாம்பாக்கத்திலிருந்து வீட்டுக்குப் போன நேரம் அதிகம் என்கிற ரீதியில் மீம்கள் பறந்தன.

ஆக, பையன் ஒரு விளம்பரத்தின் குரலை எடுத்து, அதில் ‘எவ்வளவு’ என்று அளவு சொல்லும் ஒரே சொல்லான ‘மிக’வைப் பிடித்து இழுத்திருக்கிறான். பக்கத்திலேயே பனைமரமும் மாடும் உள்ள போட்டோ. சொல் ‘கிட்டே’ என்கிறது. படம் ‘எட்டே’ என்கிறது. இந்த முரண்தான் கிண்டல். நீண்ட எழுத்து அந்த முரணைச் சுட்டிக்காட்டும் விரல், அவ்வளவுதான்.

அவன் கிண்டல் செய்தது விளம்பரத்தை. பெரியவருக்கோ, முப்பது வருடத்துக்கு முன் அதே விளம்பரத்தை நம்பி ஏமாந்த முட்டாள் என்று தன்னைச் சொன்னதாகப் பட்டது. இரண்டாம் பாதி குத்தியவுடன், முதல் பாதியில் இருந்த நிஜமான பாராட்டும் சேர்ந்து கசந்துவிட்டது. அவர் பின்னாலிருந்து முன்னால் படித்தார். ‘அப்போ அந்த சூப்பர்ர்ர்ரும் நக்கல்தானே?’

எழுத்தை இழுப்பது ஏதோ போன் வந்த பிறகு முளைத்த கெட்ட பழக்கம் என்று தமிழாசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் நடத்தும் பாடத்திலேயே அதற்குப் பெயர் இருக்கிறது. அளபெடை!

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அதற்கும் மேல் ஓசை நீள வேண்டும் என்றால், நெடிலுக்குப் பக்கத்தில் அதன் இனமான குறிலை எழுதிக் காட்ட வேண்டும். ‘ஓஒதல்’ என்று எழுதுவது அப்படித்தான். இன்றைக்கு ஒரு காலேஜ் பெண் ‘அய்யோஒஒஒ’ என்று தட்டும்போது, தெரியாமலேயே அந்த விதியைப் பின்பற்றுகிறாள். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர் தன் அளவைத் தாண்டி நீளும் என்பது தொல்காப்பியம் சொன்ன சங்கதி. வடமொழியில் பாணினியோ இன்னும் ஒரு படி மேலே போய், பெயரை இரட்டித்துக் கூப்பிடும்போது பொறாமை, பாராட்டு, கோபம், இகழ்ச்சி ஆகியவற்றில் உயிரெழுத்து மூன்று மாத்திரைக்கு நீளும் என்று விதியே எழுதிவைத்தார். பாராட்டும் இகழ்ச்சியும் ஒரே விதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பெரியவருக்கு வந்த குழப்பம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு.

மெய்யெழுத்துக்கும் இழுவை உண்டு. அதன் பெயர் ஒற்றளபெடை. இங்கே நன்னூல் ஒரு கட்டுப்பாடு வைக்கிறது. எல்லா மெய்யும் நீளாது. ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் என்ற பத்தும் ஆய்தமும் மட்டும்தான் நீளலாம். வாயில் சொல்லிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ‘ம்ம்ம்’ என்று மூச்சு இருக்கும் வரை ஹம் செய்யலாம். ‘ப்ப்ப்’ என்று இழுக்க முடியாது, உதடு மூடிக்கொள்ளும். அதனால்தான் தமிழில் நக்கலுக்கு மிக வசதியான சொல் ‘ரொம்ப’. ‘ரொம்ம்ம்ம்ப நல்லவரு’ என்று எழுதினால் படிப்பவர் காதில் அந்த ‘ம்’ அப்படியே ஓடும். ‘நல்ல்ல்ல மனுஷன்’, ‘டேய்ய்ய்’ இவற்றில் நீளும் மெய்களும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. ‘சூப்பர்ர்ர்’ மட்டும் விதிமீறல். நன்னூலார் பட்டியலில் ‘ர்’ இல்லை. ஆனாலும் நாக்கு உருட்டினால் அது நீளத்தான் செய்கிறது என்பதால், கேப்ஷன்காரர்கள் தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொண்டார்கள்.

பையனின் ‘மிகககக’வில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை நான்கு முறை தட்டினால் ஒலி நீளும். தமிழில் ‘க’ என்பது ஒரு முழு அசை. நான்கு ‘க’ போட்டால் எழுத்துப்படி அது இழுவை அல்ல, திக்கல். ‘மிஇஇஇக’ என்று எழுதியிருந்தால் வாயில் வரும் ராகம் சரியாக வந்திருக்கும். ‘மிக்க்க்க’ என்றால் அது வேறு சொல்லாகிவிடும். நாளை ‘மிக்க நன்றி’ என்று படிப்பார்கள். ‘ா’ என்ற காலை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினால், சில போன்களில் நடுவே புள்ளி வட்டம் ஒன்று முளைத்து, எழுத்து உடைந்துபோன மாதிரி தெரியும். இவ்வளவு தொல்லை இருப்பதால்தான் பலர் அசையையே அடுக்கிவிடுகிறார்கள். படிப்பவரும் பழகிவிட்டார்.

இழுத்த எழுத்துகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2011-ல் சாமுவேல் பிராடி, நிக்கோலஸ் டியாகோபோலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ட்விட்டரில் ஆங்கிலப் பதிவுகளை அலசினார்கள். எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி நீளுவதில்லை, உணர்ச்சியைச் சுமக்கும் சொற்கள்தான் அதிகம் நீளுகின்றன என்பது அவர்கள் கண்டது. கூடுதல் எழுத்தைக் குப்பை என்று வெட்டி எறிந்துவிட்டு அலசக் கூடாது, அதிலேயே சேதி இருக்கிறது என்றார்கள். அது எந்த உணர்ச்சி என்பதை மட்டும் அந்தக் கூடுதல் எழுத்து தனியாகச் சொல்லிவிடாது. சிங்கப்பெருமாள் கோவில் பெரியவரிடம் கேட்டால் அதை உறுதிப்படுத்துவார்.

இளைஞர்கள் தங்கிலீஷில் எழுதும்போது வேறொரு ஆயுதம் கையில் வருகிறது. `SuPeR sIr`, `nAaN rOmBa BuSy` என்று ஒரு எழுத்து பெரியது, ஒரு எழுத்து சின்னது என்று மாற்றி மாற்றி அடிப்பது. 2005-ஐ ஒட்டி ஆர்குட்டில் இருந்தவர்களுக்கு இது வேறு மாதிரி ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அது ஸ்டைல்! தன் பெயரையே அப்படி எழுதி, இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. 2017 மே மாதம் ‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூன் பாத்திரம் கோழி மாதிரி வளைந்து நிற்கும் ஒரு படம் மீமாகி உலகம் சுற்றியது. மேலே ஒருவர் சொன்ன வாக்கியம். கீழே அதே வாக்கியம் ஏற்ற இறக்க எழுத்தில். அன்றிலிருந்து அந்த எழுத்துமுறைக்கு அர்த்தம் பழிப்புக்காட்டுதல் என்று ஆகிவிட்டது. ஆகவே, நாற்பதைத் தாண்டிய ஒரு அத்தை இன்றைக்கும் `HaPpY bIrThDaY` என்று போட்டால் அது நக்கல் அல்ல. அவர் இன்னும் ஆர்குட்டிலேயே இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த முறையின் சூட்சுமம், அது எப்போதும் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. அண்ணன் “நான் படிக்கணும்” என்றால், தங்கை மூக்கைச் சுருக்கி, கீச்சுக்குரலில் “நான் பழிக்கணும்” என்று ஒழுங்கு காட்டுவாள் அல்லவா, அதன் எழுத்து வடிவம். குரல் ஏறி இறங்குவதை எழுத்து ஏறி இறங்கிக் காட்டுகிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அப்படியானால் தமிழில் தட்டுபவர் எப்படி ஒழுங்கு காட்டுவது? நம் மொழி அதற்கு எழுத்தை நம்பியிருக்கவில்லை; இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. ‘ஆம்’ என்ற இரண்டெழுத்து. “பிஸியாம்!”, “மேனேஜராம்!”, “சென்னைக்கு அருகிலாம்!” யாரோ சொன்னதாகச் சொல்கிறேன், நான் நம்பவில்லை என்ற இரண்டு சேதியும் அந்த ஒரு ஒட்டிலேயே அடங்கிவிடுகிறது. கடைசியில் வருவது ‘ம்’. நன்னூல் அனுமதித்த மெய். எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ‘பிஸியாம்ம்ம்ம்’. இதோடு “வீடாம் கீடாம்” என்று ஒரு எதிரொலிச் சொல்லையும் சேர்த்துவிட்டால் எதிராளி அவுட்.

மூன்றாவது ஆயுதம், தெரிந்தே செய்யும் எழுத்துப்பிழை. ‘அறிவாளி’யை ‘அறிவாலி’ என்றும், ‘புத்திசாலி’யை ‘புத்திசாளி’ என்றும் எழுதுவது. பட்டத்தைக் கொடுத்துக்கொண்டே அதன் காலை வாருவது. தமிழைக் கடித்துத் துப்பிப் பேசுபவர்களைக் கேலி செய்ய ‘டமில் வால்க’ என்று எழுதுவது வெகு காலமாகவே உண்டு. ‘ஃபீலிங்கு’, ‘மீட்டிங்கு’, ‘டென்ஷனு’ என்று ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டினாலும் அந்தச் சொல்லின் மிடுக்கு இறங்கிவிடும்.

இதில் ஒரு நிபந்தனை. பிழை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். வாக்கியம் முழுக்க ஒழுங்காக இருந்து, ‘அறிவாலி’ மட்டும் தப்பாக இருந்தால் அது குசும்பு. பக்கத்திலேயே ‘பல்லி’க்கூடமும் ‘வாளை’ப்பழமும் இருந்தால், எழுதியவருக்கு ல, ள, ழ தகராறு என்றுதான் படிப்பவர் நினைப்பார். போனிலும் ஆபத்து உண்டு. கீபோர்டு தானாகத் திருத்தி ‘அறிவாளி’ என்று போட்டுவிட்டால், நக்கல் அப்படியே பாராட்டுப் பத்திரமாக மாறி எதிராளி கைக்குப் போய்ச் சேரும். இன்னொன்று, வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழை இப்படி எழுதிச் சிரிப்பது. அதில் நகைச்சுவை குறைவு, அசிங்கம் அதிகம்.

சரி, இந்த அடையாளம் எதையுமே போடாமல் கிண்டல் செய்தால் என்ன ஆகும்? அதற்கு உலகமே பார்த்த உதாரணம் நம்மிடம் இருக்கிறது. 2019 மே மாதக் கடைசி. சிவில் இன்ஜினீயரிங் படிப்பவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று எழுதினார். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு செய்த பாத்திரம் அது. இன்னொருவர் அவர் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் மே 29 இரவில் ட்விட்டரின் உச்சிக்குப் போனது. மறுநாள் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அந்தச் செய்திக்கு இணையாக இதுவும் ஓடியது.

அந்தப் பதிவுகளின் அழகு, ஒரு எழுத்துகூட இழுக்கப்படாததுதான். ஆஸ்பத்திரி அறிக்கை போல விறைப்பான நடை. தமிழ் தெரியாத பலர் யாரோ நிஜ மனிதர் உயிருக்குப் போராடுகிறார் என்றே நினைத்துக் கவலையோடு விசாரித்தார்கள். ‘ர்ர்ர்’ ஒன்று போட்டிருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்கும். விளையாட்டும் அங்கேயே முடிந்திருக்கும். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றால் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வித்தைக்குத் தமிழில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். அதில் முதல் மதிப்பெண் ஔவையாருக்குத்தான். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறான். ‘உன் ஆயுதங்கள் மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்ற பொருளில் அவர் பாடியது புறநானூற்றின் 95-ம் பாட்டு. புகழ்வது போலச் சொல்லி, உன் படை போரையே பார்த்ததில்லை என்று முடித்துவிட்டார். இந்தத் தாம்பரம், செங்கல்பட்டு வட்டாரம் எல்லாம் பழைய தொண்டை மண்டலம்தான். ஆக, தமிழின் புகழ்பெற்ற நக்கலை வாங்கிக்கொண்ட மன்னர் நம்ம ஏரியாக்காரர்.

ஔவைக்கு நேரில் நிற்கும் வசதி இருந்தது. முகம், குரல், சபை எல்லாம் துணைக்கு இருந்தன. வாட்ஸ்அப்பில் எதுவும் இல்லை. அதனால்தான் இழுவை வேண்டியிருக்கிறது. இழுவை இருந்தும் தடுமாற்றம் வருகிறது. வயது வித்தியாசம் இன்னொரு சிக்கல். அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு விஷயத்துக்கும் அடுத்த விஷயத்துக்கும் நடுவே சும்மா ‘......’ என்று புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு அது மூச்சு வாங்கும் இடம். இருபது வயதுக்காரர் கண்ணில் அதே புள்ளிகள் ‘கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார்’ என்று படும். பையன் ‘பெரியப்பா...’ என்று போட்டது வேண்டுமென்றே விட்ட மூன்று புள்ளி. அடுத்து கிண்டல் வருகிறது என்பதற்கான இடைவெளி. பெரியவருக்கு அந்தச் சைகை பழக்கமே இல்லை.

அந்தக் குடும்பத்தில் அம்மா சொன்ன யோசனைப்படி, பையன் மறுபடி எதையும் டைப் செய்யவில்லை. போன் போட்டான்.

“பெரியப்பா, நான் விளம்பரத்தைத்தான் ஓட்டினேன், உங்களை இல்ல.”

“எந்த விளம்பரம்?”

“அதான்... சென்னைக்கு மிக அருகில்னு டிவியில வருமே.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நான் மனை வாங்கும்போது அப்படித்தான்டா சொன்னான். ஏமாத்திட்டான்னு உங்க பெரியம்மா முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கா. நீயும் அதையே சொன்னியா, சுருக்குனு ஆயிடுச்சு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் புது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். பெரியவர் மறுபடி குரூப்பில் சேர்க்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பையனின் அபார்ட்மென்ட் வாசலில் எடுத்தது. பெயர்ப் பலகையில் ‘தாம்பரம், சென்னை’ என்று இருந்தது. தாம்பரம் 2019-லிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 2021-லிருந்து அதற்கென்று தனி மாநகராட்சியும் உண்டு. அந்தப் படத்துக்குக் கீழே பெரியவர் இரண்டே சொல் எழுதியிருந்தார், ‘ம்’ எண்ணி நான்கு.

“தாம்பரம் சென்னையாம்ம்ம்ம்”